கிணற்றின் ஆழம் மைனஸில் வருமா?

என்னிடம் டியூஷனுக்கு வரும் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், ஊர் அலங்காநல்லூர்ப் பக்கம், போன மாதம் ஒரு கணக்கோடு வந்தான். தோட்டத்துக் கிணற்றில் கல்லைப் போட்டுப் பார்த்திருக்கிறான். கல்லைக் கையிலிருந்து விட்டதற்கும் ‘தொபுக்’ என்ற சத்தம் காதில் விழுந்ததற்கும் இடையில் 2 வினாடி. தண்ணீர் எத்தனை அடிக்குக் கீழே கிடக்கிறது?

சத்தம் மேலே ஏறிவர ஆகும் நேரத்தைக் கண்டுகொள்ளாவிட்டால் ½gt² என்று ஒரே வரியில் முடிந்துவிடும். பையன் அப்படி விடவில்லை. சத்தத்தின் நேரத்தையும் கழிக்க வேண்டும் என்று அரைப் பக்கத்துக்கு வழி போட்டு, கடைசியில் இங்கே வந்து நின்றிருந்தான்:

```
h = ½ g t² (1 − t/v)
```

இதில் h ஆழம், t மொத்த நேரம், g புவியீர்ப்பு முடுக்கம், v ஒலியின் வேகம். g-க்கு 9.8, v-க்கு 340 என்று போட்டதில் 19.48 மீட்டர் வந்திருக்கிறது. ஏறக்குறைய 64 அடி.

“தாத்தாகிட்ட கேட்டேன் சார். அறுபதுக்கு மேலதான் இருக்கும்னாரு. சரியா வந்துருச்சு.”

“விடை இருக்கட்டும் தம்பி. இந்தச் சூத்திரம் எந்தக் கிணத்துக்கும் சரியா இருக்க முடியாது” என்றேன். அவன் போட்ட வழியை நான் அப்போது படிக்கவே இல்லை. கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னேன். அதை எப்படிச் சொல்லலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. புத்தகத்தில் ‘பரிமாணப் பகுப்பாய்வு’ என்று முதல் பாடத்திலேயே இருக்கிறது. இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் படித்துவிட்டு எல்லோரும் அதை அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

கிலோவும் முழமும்

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகையைக் கிலோவில் நிறுக்கிறார்கள். அதே பூ கட்டிச் சரமானதும் கோயில் வாசலில் முழத்தில் விற்கிறது. பூக்கார அக்காவின் கை நீளமாக இருந்தால் நமக்கு லாபம், குட்டையாக இருந்தால் அவருக்கு லாபம். ஆனால் யார் கையால் அளந்தாலும் முழம் என்பது நீளம்தான். முழம், அடி, மீட்டர் எல்லாம் வெவ்வேறு அலகுகள், பரிமாணம் ஒன்றே. கிலோ அந்தச் சாதியில் சேராது. அது நிறை.

“2 கிலோவும் 3 முழமும் சேர்த்து எவ்வளவு?” என்று யாராவது கேட்டால் நாம் கூட்டிப் பார்க்க மாட்டோம். ‘என்னங்க கேக்குறீங்க?’ என்போம். இந்த முறையின் சாரம் அவ்வளவுதான். ஒன்றோடொன்று கூட்டுவதும், கழிப்பதும், சமக்குறிக்கு இரு பக்கம் நிற்பதும் ஒரே பரிமாணமாக இருக்க வேண்டும். பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. முழத்துக்கு இத்தனை கிராம் என்று பேசலாம், தப்பில்லை.

முதல் வேலை: எழுத்தை M, L, T ஆக்குவது

இயந்திரவியல் கணக்குகளுக்கு நிறை M, நீளம் L, காலம் T என்ற மூன்று எழுத்து போதும். மின்சாரம், வெப்பம் வந்தால் மின்னோட்டத்துக்கும் வெப்பநிலைக்கும் ஒவ்வொன்று கூடும். பெரிய பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு அளவின் அலகு தெரிந்தால் பரிமாணம் தானே வந்துவிடும். வேகம் வினாடிக்கு இத்தனை மீட்டர், ஆகவே L/T. முடுக்கம் L/T². ½ போன்ற வெறும் எண்ணுக்கும் π-க்கும் பரிமாணம் இல்லை. அந்த இடத்தில் 1 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நம் சூத்திரத்துக்கு வருவோம். அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள ½gt² என்பது L/T² பெருக்கல் T², அதாவது L. இடப்பக்கம் ஆழம், அதுவும் L. இந்தப் பாதி ஒழுங்கு.

அடைப்புக்குறிக்குள் 1 − t/v. காலம் T-யை வேகம் L/T-யால் வகுத்தால் T²/L. அதைப் போய் வெறும் 1-இலிருந்து கழித்திருக்கிறான். ஒன்றிலிருந்து ‘மீட்டருக்கு இத்தனை சதுர வினாடி’யைக் கழிப்பது, 3 முழத்திலிருந்து 2 கிலோவைக் கழிப்பது போலத்தான். இதற்கு மேல் ஒரு வரிகூடப் பார்க்கத் தேவையில்லை, சூத்திரம் தப்பு.

புதிதாகப் பழகுகிறவர்கள் வழுக்கும் இடமும் இதுவே. சமக்குறியின் இரு பக்கத்தையும் மேலோட்டமாக ஒப்பிட்டுவிட்டு, “h-உம் L, ½gt²-உம் L, சரி” என்று நகர்ந்துவிடுகிறார்கள். அடைப்புக்குறிக்குள் ‘1 +’ அல்லது ‘1 −’ என்று இருந்தால் முதலில் அங்கே கண் போகட்டும். 1-க்குப் பக்கத்தில் நிற்பது எதுவானாலும் அது வெறும் எண்ணாக இருந்தே ஆக வேண்டும். sin, log, அடுக்குக்குறி இவற்றின் உள்ளே இருப்பதற்கும் இதே விதி.

நம்பாதவனுக்கு: அலகை மாற்றிப் பார்

பையனுக்கு மனம் ஒப்பவில்லை. “ஆனா ஆன்சர் கரெக்டா வருதே சார்.” நியாயமான கேள்வி. 64 அடிக் கிணறு நம் பக்கம் எங்கேயும் இருக்கும். விடையின் அளவைப் பார்த்து இந்தத் தப்பைக் கண்டுபிடிக்கவே முடியாது.

“சரி, அதே கணக்கை அடியில் போடு” என்றேன். 1 அடி என்பது 0.3048 மீட்டர். அப்படியானால் g வினாடி வர்க்கத்துக்கு 32.15 அடி, ஒலி வினாடிக்கு சுமார் 1115 அடி. இவற்றை அவனுடைய சூத்திரத்தில் போட்டால் 64.2 அடி வருகிறது. மீட்டரில் போட்டு வந்த 19.48-ஐ அடியாக்கினால் 63.9 அடி. கிணறு ஒன்று, கல் ஒன்று, நேரம் ஒன்று, ஆழம் மட்டும் இரண்டு. வித்தியாசம் சின்னதுதான், அதனால் பையன் “ரவுண்ட் ஆஃப் பண்ணதுல வந்திருக்கும்” என்றான்.

“அப்ப கிலோமீட்டரில் போடு.”

ஒலி வினாடிக்கு 0.34 கிலோமீட்டர். t/v என்பது 2-ஐ 0.34-ஆல் வகுத்தது, 5.88. அடைப்புக்குறிக்குள் 1 − 5.88, அதாவது −4.88. g இப்போது 0.0098, ஆகவே ½gt² என்பது 0.0196. பெருக்கினால் −0.0957 கிலோமீட்டர். ஆழம் மைனஸ் 96 மீட்டர். தண்ணீர் தரைக்கு மேலே, மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் நிற்கிறது. பையன் சிரித்துவிட்டான்.

பரிமாணம் பொருந்தாத சூத்திரம் என்றால் நடைமுறையில் இதுதான் பொருள். எந்த அலகில் போடுகிறோமோ அதற்கேற்ப வேறு வேறு விடை சொல்லும். மீட்டரும் அடியும் கிலோமீட்டரும் மனிதன் வைத்துக்கொண்டவை, கிணற்றுக்கு அவை தெரியாது. M, L, T எழுதுவதில் தடுமாற்றம் இருந்தால், சந்தேகப்படும் சூத்திரத்தை இப்படி இரண்டு அலகு முறையில் போட்டுப் பாருங்கள். அடிக்கும் மீட்டருக்கும் மூன்று மடங்குதான் வித்தியாசம், தப்பு அதில் பதுங்கிவிடலாம். கிலோமீட்டர், சென்டிமீட்டர் என்று நூறு, ஆயிரம் மடங்கு மாறுகிற அலகாக எடுத்தால் ஒளிய முடியாது.

எந்த வரியில் தொலைந்தது?

தப்பு என்று தெரிந்ததும் முழு வழியையும் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எழுதிய ஒவ்வொரு வரியும் ஒரு சமன்பாடு, ஒவ்வொன்றையும் தனியே சோதிக்கலாம். நடு வரியில் ஆரம்பியுங்கள். அது பொருந்தினால் தப்பு அதற்குக் கீழே, பொருந்தாவிட்டால் அதிலோ அதற்கு மேலோ. பையனின் நோட்டில் இருந்தவை இவை:

```
h = ½ g (t − h/v)²
h ≈ ½ g t² (1 − 2h/(vt))
h ≈ ½ g t² (1 − t/v)
```

முதல் வரியில் h/v என்பது சத்தம் ஏறிவர ஆன நேரம். L-ஐ L/T-யால் வகுத்தால் T. அதை t-யிலிருந்து கழிக்கலாம், சரி. இரண்டாவது வரியில் அடைப்பை விரித்து, மிகச் சிறிய வர்க்க உறுப்பை விட்டிருக்கிறான். 2h/(vt)-இல் மேலே L, கீழே L/T பெருக்கல் T, அதுவும் L. வெறும் எண். இதுவும் சரி. மூன்றாவது வரியில் இடிக்கிறது. ஆக, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஏதோ விழுந்துவிட்டது.

என்ன விழுந்தது என்பதையும் பரிமாணமே சொல்லும். நம் கையில் இருப்பது T²/L, வேண்டியது வெறும் எண். L/T² பரிமாணமுள்ள ஒன்றால் பெருக்கினால் சரியாகும். இந்தக் கணக்கில் அந்தப் பரிமாணத்தோடு இருப்பது g ஒன்றுதான். பார்த்தால், வலப்பக்கத்து h-க்குப் பதில் ½gt² போட வேண்டிய இடத்தில் அவசரத்தில் ½t² போட்டிருக்கிறான். திருத்தினால்:

```
h ≈ ½ g t² (1 − gt/v)
```

இதில் 18.47 மீட்டர் வருகிறது. கிலோமீட்டரில் போட்டாலும் gt/v அதே 0.0576-தான். அலகை எப்படி மாற்றினாலும் கிணறு அசையாது.

இந்தத் தேடல் எல்லாம் நடந்ததற்கு ஒரே காரணம், பையன் கடைசி வரை எழுத்துகளாகவே வைத்திருந்தது. பலர் இரண்டாவது வரியிலேயே 9.8-ஐயும் 340-ஐயும் போட்டு, `4.9 t² (1 − t/340)` என்று எழுதிவிடுவார்கள். அந்த 4.9 பார்க்க வெறும் எண் மாதிரி இருக்கும், ஆனால் அதன் வயிற்றுக்குள் ஒரு முடுக்கம் உட்கார்ந்திருக்கிறது. அந்த 340-க்குள் ஒரு வேகம். பரிமாணத்தை இனி யாராலும் சோதிக்க முடியாது. திருத்துகிற எனக்கும் தலைவலி. எண்ணைக் கடைசி வரியில் போடுங்கள்.

இது பிடிக்காத தப்புகள்

பையன் g-ஐ விடாமல், 2-ஐ மட்டும் எங்கோ தவறவிட்டு 1 − gt/(2v) என்று எழுதியிருந்தால்? பரிமாணம் கச்சிதமாகப் பொருந்தும். விடை 19.04 மீட்டர். ஆனால் தப்பு. ½, 2π போன்ற எண்களும், கூட்டலா கழித்தலா என்பதும் இந்தச் சோதனைக்குக் கண்ணில் படாது. பொருந்தாத சூத்திரம் தப்பு என்று உறுதியாகச் சொல்லலாம். பொருந்துகிற சூத்திரம் சரி என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. முறுக்குவிசைக்கும் ஆற்றலுக்கும் ஒரே பரிமாணம் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டாலும் சோதனை தலையாட்டிவிடும்.

அந்த மிச்சத் தப்புக்கு மருந்து, விடையைத் தொடக்கத்துக்கே திருப்பிப் போடுவது. 19.04 மீட்டர் விழ 1.971 வினாடி, சத்தம் ஏற 0.056, கூட்டினால் 2.027 வினாடி. நாம் அளந்தது 2. பொருந்தவில்லை. 18.47-க்கு 1.996 வருகிறது. தோராயச் சூத்திரம் என்பதால் அந்தக் கொஞ்சம் குறைவு இருக்கத்தான் செய்யும். இருபடிச் சமன்பாடாக வைத்து முழுசாகத் தீர்த்தால் 18.55 மீட்டர், 61 அடி.

நிமிடம் என்கிற குழி

அதே கிணற்றுக்கு மோட்டார் வாங்க எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்று தாத்தா கேட்டிருந்தாராம். நிமிடத்துக்கு 300 லிட்டர் வேண்டும், 60 அடி தூக்க வேண்டும். பையன் எழுதியது P = ρgQh. ρ தண்ணீரின் அடர்த்தி, Q நேரத்துக்கு எவ்வளவு கன அளவு என்பது. பரிமாணம் M L²/T³, திறனுக்கு உள்ளது அதேதான். சூத்திரம் சரி. விடை 72 குதிரைத்திறன்!

இந்தத் தப்பைப் பரிமாணம் பிடிக்காது. நிமிடமும் T, வினாடியும் T. அலகைக் கூடவே இழுத்துக்கொண்டு போனால்தான் பிடிபடும். எண்ணை மட்டும் எழுதாமல், மாற்றும் ஒவ்வொரு படியையும் 1-க்குச் சமமான பின்னமாகப் பெருக்குங்கள். 1 நிமிடம் என்பது 60 வினாடி, ஆகவே 1 நிமிடம் / 60 வினாடி என்ற பின்னம் 1-தான், அதால் பெருக்கினால் எதுவும் மாறாது:

```
300 லிட்டர்    1 மீ³          1 நிமிடம்
---------- × ------------ × ----------- = 0.005 மீ³/வினாடி
 1 நிமிடம்    1000 லிட்டர்   60 வினாடி
```

மேலும் கீழும் ஒரே அலகு இருந்தால் அடித்துக்கொண்டே வாருங்கள். லிட்டர் அடிபட்டது, நிமிடம் அடிபட்டது, மிச்சம் மீ³/வினாடி. பின்னத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தால் நிமிடம் அடிபடாமல் ‘நிமிட வர்க்கம்’ என்று பல்லைக் காட்டியிருக்கும். பையன் இந்தப் பின்னத்தையே எழுதாமல் 0.3 என்று போட்டிருந்தான். அதனால்தான் 60 மடங்கு. 60 அடி என்பது 18.3 மீட்டர். 1000 × 9.8 × 0.005 × 18.3 என்பது 897 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்றால் 1.2 குதிரைத்திறன்.

பம்பும் மோட்டாரும் சேர்ந்து பாதித் திறமையோடு ஓடுகின்றன என்று வைத்தால் இதை 0.5-ஆல் வகுக்க வேண்டும், 2.4 வரும். குழாய் உராய்வையும் சேர்த்து 3 குதிரைத்திறன் மோட்டார் என்பது நியாயம். பையன் இங்கே 0.5-ஆல் பெருக்கி 0.6 என்று சொன்னான். திறமைக்குப் பரிமாணம் இல்லாததால் பெருக்கினாலும் வகுத்தாலும் M, L, T வாயைத் திறக்காது. வீணாவது அதிகமானால் பெரிய மோட்டார் வேண்டுமா, சின்ன மோட்டார் வேண்டுமா என்று நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கயிறு என்ன சொன்னது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையன் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கித் தண்ணீர் வரை அளந்துவிட்டு வந்தான். 63 அடி. “பாத்தீங்களா சார், என்னோட தப்புச் சூத்திரம்தான் கிட்டத்துல இருக்கு!”

அவன் மொபைல் ஸ்டாப்வாட்சில் விரலால் தட்டி அளந்தவன். தட்டுவதில் 0.1 வினாடி முன்பின் ஆவது சாதாரணம். கல் தண்ணீரைத் தொடும்போது வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 19 மீட்டர். வேகத்தை நேரத்தால் பெருக்கினால் நீளம், பரிமாணம் சரி. 19 பெருக்கல் 0.1 என்பது 1.9 மீட்டர், 6 அடி. சத்தத்துக்காக நாம் செய்த திருத்தம் மொத்தமே மூன்றரை அடி. ஆக, கையால் அளந்த நேரத்தை வைத்து இரண்டு சூத்திரத்தில் எது சரி என்று அந்தக் கயிற்றால் தீர்ப்புச் சொல்லவே முடியாது.

“அப்ப கல்லை இன்னும் பத்துத் தடவை போட்டு சராசரி எடுக்கட்டுமா சார்?” என்று கேட்டான். எடுக்கச் சொன்னேன். தாத்தா கிணற்றில் கல் நிரப்பாதே என்று திட்டிவிட்டாராம், இப்போது ஐந்தோடு நிற்கிறது.